மழைக்காலத்தில் கதவு, யன்னல்களுக்கு எனாமல் அடித்த பிறகு தீராத தலைவலி: காற்றை எப்படி வெளியேற்றுவது, மிச்ச அறைகளுக்கு எந்தப் பெயின்ட்?

உவர்மலை மயூரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பொங்கலுக்கு முன் வீட்டைப் புதுப்பிக்க வேண்டும் என்று மார்கழியில் வேலையைத் தொடங்கினோம். சுவர்களுக்கு எமல்ஷனும், கதவுகள், யன்னல் சட்டங்கள், அம்மாவின் அறையில் சுவரோடு சேர்த்துச் செய்த அலுமாரி ஆகியவற்றுக்குப் பளபளப்பான எனாமலும் அடிக்கப்பட்டன. வாடைக் காற்றோடு மழையும் விடாமல் அடிப்பதால் யன்னல்களைத் திறந்து வைக்க முடியவில்லை. அம்மாவுக்குப் பல வருடங்களாக ஒற்றைத் தலைவலி உண்டு. இப்போது காலையில் எழும்போதே நெற்றி வெடிப்பது போலவும் வயிற்றைப் புரட்டுவது போலவும் இருப்பதாகச் சொல்கிறார். வெளியே விறாந்தையில் சிறிது நேரம் இருந்தால் குறைகிறது. அறைக்குள் போனால் மீண்டும் தொடங்குகிறது. இரவு முழுவதும் ஏசி போட்டுத்தான் படுக்கிறார். பெயின்ட் கையில் ஒட்டவில்லை, காய்ந்துவிட்டது, மணம் தானாகப் போய்விடும் என்று வேலை செய்த பாஸ் சொல்கிறார். இன்னும் இரண்டு அறைகள் மிச்சம் இருக்கின்றன. இப்போதுள்ள மணத்தை எப்படி வெளியேற்றுவது, அடுத்த அறைகளுக்கு எதைப் பயன்படுத்துவது என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

கிண்ணியா றியாஸ் எழுதியது:

தங்கச்சி, தின்னர் ஆவி காற்றை விடப் பாரமானது, அது நிலத்தில்தான் தங்கும். ஆகையால் யன்னலைத் திறப்பதால் பெரிய பயன் இல்லை. கதவின் அடிப்பக்கத்தால்தான் அது வெளியேற வேண்டும். எங்கள் வீட்டில் வெங்காயத்தை வெட்டி வாளித் தண்ணீரில் போட்டு அறையின் நான்கு மூலையிலும் வைத்தோம், இரண்டு நாளில் மணம் குறைந்தது. மாலையில் சாம்பிராணியும் போடலாம். ஏசி போடுவது நல்லதுதான், ஏனென்றால் அது காற்றைச் சுத்தம் செய்து தருகிறது.

பாலையூற்று சிவஞானம் எழுதியது:

வணக்கம் மகள். கட்டட வேலைகளில் மேற்பார்வையாளராக நீண்ட காலம் இருந்தவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். அதற்கு முன் சில விபரங்கள் வேண்டும். அலுமாரியின் உட்புறத்துக்கும் எனாமல் அடித்தீர்களா? எத்தனை கோட், எவ்வளவு இடைவெளியில்? பெயின்டை எதில் கரைத்தார்கள்? மிச்சமான தின்னரும் தூரிகைகளும் இப்போது எங்கே இருக்கின்றன?

றியாஸ் தம்பி சொன்னதில் ஒரு பாதி சரி. திறந்த தின்னர் டப்பாவின் வாயிலிருந்து எழும் அடர்த்தியான ஆவி பாரமானதுதான்; அது நிலத்தோடு தவழ்ந்து போய் அடுப்புத் தீயில் பற்றிக்கொள்ளக்கூடும் என்பதால், தீ விடயத்தில் அந்த எச்சரிக்கை மிகவும் தேவையானது. ஆனால் அறை முழுவதும் கலந்துவிட்ட ஆவி காற்றில் மிகச் சிறிய பங்குதான், அந்தக் கலவையின் பாரம் வெறும் காற்றின் பாரத்திலிருந்து வேறுபடுவதில்லை. ஆகவே மேலே இருக்கும் யன்னலாலும் அது போகும், கீழே இருக்கும் கதவாலும் போகும். காற்று ஓடுகிறதா என்பதே கேள்வி. டர்பன்டைன், தின்னர் ஆகியவற்றின் ஆவி தண்ணீரில் கரைவதில்லை என்பதால் வாளித் தண்ணீர் அதை இழுக்காது. வெங்காயத்தின் மணம் பெயின்ட் மணத்தை மறைக்கிறது, அவ்வளவுதான். சாம்பிராணி தலைவலிக்காரருக்கு இன்னொரு புகையைச் சேர்க்கிறது. தின்னர் ஆவி உள்ள அறையில் தணலைக் கொண்டுபோவது ஆபத்தும்கூட.

ஏசியைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் சுவரில் பொருத்தும் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கும் அதே காற்றை இழுத்து, குளிராக்கி, அதே அறைக்குள் விடுகிறது. அதன் வடிகட்டி தூசியைப் பிடிக்குமே தவிர ஆவியைப் பிடிக்காது. குளிர் வெளியே போய்விடக் கூடாது என்று கதவு, யன்னல்களை இறுக்கிப் பூட்டுகிறோம். எனவே அம்மா இரவு முழுவதும் வெளியேற வழியில்லாத காற்றையே சுவாசிக்கிறார். காலையில் தலைவலி அதிகமாவதற்கு இது பொருந்துகிறது.

உவர்மலை மயூரி எழுதியது:

மிக்க நன்றி ஐயா. அலுமாரியின் உள்ளே தட்டுகள் உட்பட இரண்டு கோட் அடிக்கப்பட்டது, இரண்டாவது கோட் மறுநாள் காலையிலேயே அடிக்கப்பட்டதாக நினைக்கிறேன். அடுத்த நாள் உடுப்புகளை அடுக்கிக் கதவைச் சாத்திவிட்டோம். கரைப்பதற்கு மண்ணெண்ணெயும் சேர்த்ததை நான் பார்த்தேன். மிச்சச் சாமான்கள் மாடிப்படிக்குக் கீழே உள்ள சிறு அறையில் இருக்கின்றன.

சாம்பல்தீவு பாஸ் எழுதியது:

நான் பெயின்ட் வேலை செய்கிறவன் என்பதால் எங்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். மண்ணெண்ணெய் சேர்ப்பது ஏமாற்று வேலைக்காக அல்ல. வெயில் காலத்தில் டர்பன்டைன் சீக்கிரம் ஆவியாகி, தூரிகைக் கோடு மறையும் முன்பே பெயின்ட் இறுகிவிடுகிறது. சிறிது மண்ணெண்ணெய் விட்டால் தூரிகை வழுக்கிக்கொண்டு போகும். விலையும் குறைவு. ஆனால் மாரி காலத்தில் அதைச் சேர்ப்பது சரியல்ல என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன், அப்போது காய்வதே மந்தம். வீட்டுக்காரர்கள் பொங்கலுக்கு முன் முடித்துத் தர வேண்டும் என்று அவசரப்படுத்தும்போது, ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடையில் போதிய நேரம் விட எங்களுக்கு இடம் கிடைப்பதில்லை என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

பாலையூற்று சிவஞானம் எழுதியது:

பாஸ் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார், நன்றி. அவர் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன்.

டர்பன்டைன் பெரும்பாலும் முதல் இரண்டொரு நாளில் போய்விடும். மண்ணெண்ணெயில் அதைவிடப் பாரமான, மெதுவாக ஆவியாகும் பகுதி நிறைய உண்டு. அது பூச்சுக்குள்ளேயே தங்கிப் பல நாட்கள் கசிந்துகொண்டிருக்கும். முதல் கோட் அடி வரை காயும் முன் இரண்டாவதைத் தடிப்பாக அடித்தால், மேற்பரப்பு தோல் கட்டிவிடும், உள்ளே இருப்பது வெளியேற வழி தேடிக்கொண்டிருக்கும். கையில் ஒட்டவில்லை என்பதால் காய்ந்துவிட்டது என்று முடிவு செய்ய முடியாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் பெருவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் விழுந்தால் உள்ளே இன்னும் மென்மையாகவே இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. எண்ணெய் எனாமல் வெறுமனே உலர்வதில்லை. காற்றிலுள்ள ஒட்சிசனை எடுத்து இறுகுகிறது. அப்படி இறுகும்போது அதிலிருந்து வேறு ஆவிகள் பிறக்கின்றன. முதல் நாட்களில் வரும் கூர்மையான டர்பன்டைன் மணம் போன பிறகு, பழைய எண்ணெய் போன்ற ஒரு புளித்த மணம் வாரக்கணக்கில் வருவது இதனால்தான். அந்த மணம்தான் இப்போது வருகிறதென்றால், பூச்சு இறுகுவதற்குக் காற்றுத் தேவை என்பதையும் கவனியுங்கள். மூடிய அலுமாரிக்குள் காற்றும் இல்லை, வெளியேறும் வழியும் இல்லை. உடுப்புகள் மணத்தை உறிஞ்சி வைத்துப் பிறகு விடுகின்றன.

இதனால்தான் காலையில் பத்து நிமிடம் யன்னலைத் திறந்துவிட்டு மூடுவது போதாது. திறந்த நேரத்தில் காற்று மாறும், ஆனால் பூச்சு தொடர்ந்து விட்டுக்கொண்டே இருப்பதால் மூடிய ஒரு மணி நேரத்தில் பழைய நிலை திரும்பிவிடும். காற்று விடாமல் ஓட வேண்டும்.

அம்மாவின் அறை 12 அடிக்கு 10 அடி, உயரம் 10 அடி என்று வைத்துக்கொள்வோம். 1200 கன அடி. யன்னலில் வெளிப்பக்கம் பார்த்து வைக்கும் ஒரு ஃபேன், இழப்புகள் எல்லாம் போக நிமிடத்துக்கு 200 கன அடியைத்தான் வெளியே தள்ளுகிறது என்று குறைத்தே கணக்கிட்டாலும், 6 நிமிடத்தில் ஓர் அறையளவு காற்றுப் போகிறது. மணிக்கு 10 தடவை. பூட்டிய ஏசி அறையில் இடுக்குகளால் மட்டும் காற்று மாறுவதால், 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை மாறினாலே பெரிது. பூச்சு விடும் ஆவி இரண்டு நிலையிலும் ஒரே அளவு என்றால், ஃபேன் ஓடும் அறையில் தேங்கும் ஆவி ஏசி அறையில் தேங்குவதன் முப்பதில் ஒரு பங்குக்குக் கிட்ட வந்துவிடும். இதற்கு விலை கூடிய இயந்திரம் எதுவும் வேண்டியதில்லை.

வைக்கும் முறைதான் முக்கியம். இப்போது வாடை வடகிழக்கிலிருந்து அடிக்கிறது, மழைச் சாரலும் அந்தப் பக்கமாகவே வருகிறது. ஆகவே தென்மேற்குப் பக்க யன்னல் அனேகமாக நனையாது; காற்று இயல்பாக இழுபட்டுப் போகும் பக்கமும் அதுவே. அந்த யன்னலில் ஃபேனை வெளியே பார்க்க வையுங்கள். ஃபேனைச் சுற்றியுள்ள இடைவெளியை காட்போட் மட்டையால் அடையுங்கள்; அடைக்காவிட்டால் வெளியே தள்ளிய காற்று பக்கத்தால் சுற்றி மீண்டும் உள்ளே வந்துவிடும், ஃபேன் வீணாக ஓடும். நல்ல காற்று உள்ளே வர எதிர்ப்பக்கத்தில் சாரல் படாத ஒரு யன்னலையோ, விறாந்தைக் கதவையோ ஒரு சாண் அளவுக்குத் திறந்து வையுங்கள். குசினிப் பக்கக் கதவைச் சாத்தி, கீழிடுக்கில் ஈரத் துவாய் போடுங்கள். சரியாக வேலை செய்கிறதா என்று அறிய, திறந்த பக்கத்தில் ஒரு மெல்லிய தாளைத் தொங்கவிடுங்கள். அது உள்நோக்கி வளைய வேண்டும். சீலிங் ஃபேன் தனியாக ஓடினால் இருக்கும் காற்றைச் சுழற்றுமே தவிர வெளியேற்றாது. இந்த ஏற்பாட்டோடு சேர்த்து மெதுவாக ஓடவிட்டால் அலுமாரிக்குள் இருக்கும் காற்றையும் கிளப்பிவிடும்.

ஒரு எச்சரிக்கை: இது தூரிகையால் அடித்துக் காய்ந்துகொண்டிருக்கும் எனாமலுக்கான வழி. தின்னர் கலந்த லாக்கரை வீட்டுக்குள் ஸ்ப்ரே செய்யும்போது சாதாரண ஃபேனை அந்த ஆவியின் ஓட்டத்தில் வைக்கக் கூடாது, மோட்டாரின் தீப்பொறி போதும். அந்த வேலையை வீட்டுக்குள் செய்யவே வேண்டாம்.

நிலாவெளி சுகந்தி எழுதியது:

வணக்கம். எனக்கும் இதே தலைவலிதான், ஆனால் பெயின்ட் அல்ல. நான் ஒரு விருந்தினர் விடுதியில் அறைகள் துப்புரவு செய்கிறேன். குளியலறைகளைப் பூட்டிக்கொண்டு கழுவும்போது கண் எரிந்து, நெஞ்சு இறுகி, பிறகு மாலை வரை தலை வலிக்கிறது. கறை போகாத கொமோட்டுக்கு முதலில் டொய்லட் கிளீனரை ஊற்றி, அது வேலை செய்யாவிட்டால் மேலே குளோரின் ஊற்றித் தேய்க்கும்படி சொல்லித் தந்தார்கள். எனக்கும் ஃபேன் வைத்தால் சரியாகிவிடுமா?

தாதி வாசுகி எழுதியது:

சுகந்தி தங்கச்சி, உங்களுடையது வேறு பிரச்சினை, ஃபேன் மட்டும் போதாது. தயவு செய்து நாளைக்கே அந்த முறையை நிறுத்துங்கள். கொமோட் கழுவும் திரவங்களில் பெரும்பாலானவை அமிலம். குளோரின் என்று நீங்கள் ஊற்றும் வெளுப்பான் அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின் வாயு அங்கேயே உண்டாகிறது. கண் எரிவதும் நெஞ்சு இறுகுவதும் அதனால்தான்; பூட்டிய சிறு குளியலறையில் அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். அமோனியா உள்ள கண்ணாடித் துப்புரவுத் திரவத்தோடு வெளுப்பானைச் சேர்த்தாலும் எரிக்கும் வாயு வரும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருள்தான்; அதையும் நன்றாகத் தண்ணீர் அடித்துப் போக்கிய பிறகே, முடிந்தால் வேறொரு நாளில், மற்றதைப் பயன்படுத்துங்கள். கிணற்று நீரின் காவிக் கறைக்கும் சுண்ணாம்புப் படிவுக்கும் அமிலம்தான் வேலை செய்யும், குளோரின் அவற்றைக் கரைக்காது. எனவே மேலே குளோரின் ஊற்றுவதால் வேலையும் நடப்பதில்லை. அமிலத்தை ஊற்றி, கதவையும் யன்னலையும் திறந்துவிட்டு வெளியே வந்து, போத்தலில் எழுதியுள்ள நேரம் கழித்துத் தேய்த்தால் போதும். போத்தல்களின் பெயர்ச்சீட்டைக் கிழித்து வேறு போத்தலில் ஊற்றி வைக்கும் பழக்கம் அங்கே இருந்தால், எது எதுவென்று தெரியாமல் போவதே பெரிய ஆபத்து.

மயூரி, உங்கள் அம்மாவைப் பற்றி: ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்குக் கடும் மணமே வலியைத் தூண்டும், மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாத அளவுகூட அவர்களுக்குப் போதும். ஆகவே வீட்டில் மற்ற எவருக்கும் வலிக்கவில்லையே என்று அவருடைய வலியைக் குறைத்து மதிக்காதீர்கள். இன்னொன்று, மூக்கு சில நிமிடங்களிலேயே மணத்துக்குப் பழகிவிடுகிறது. அறைக்குள்ளேயே இருப்பவர் மணம் இல்லை என்பார். வெளியிலிருந்து வருபவரின் மூக்கைத்தான் நம்ப வேண்டும். எந்த நேரம் எந்த அறையில் இருந்தபோது வலி தொடங்கியது, வெளியே போய் எவ்வளவு நேரத்தில் குறைந்தது என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்தால் வைத்தியருக்கு மிகவும் உதவும். தடுமாற்றம், குழப்பமான பேச்சு, விடாத வாந்தி, மூச்சுத்திணறல், மயக்கம் ஆகியவற்றில் ஏதாவது இருந்தால் ஆராய்ந்துகொண்டிருக்காமல் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். மின்வெட்டு நேரத்தில் வீட்டுக்குள்ளோ விறாந்தையிலோ ஜெனரேட்டர் ஓடுகிறதா என்பதையும் பாருங்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி வந்தால் அது பெயின்ட் அல்ல, புகை நஞ்சாக இருக்கலாம்.

கிண்ணியா றியாஸ் எழுதியது:

ஏசி விடயத்தில் எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்துகொண்டேன், நன்றி ஐயா. மாஸ்க் போட்டுப் படுத்தால் என்ன? கொரோனா காலத்து என்95 மாஸ்க் எங்களிடம் நிறைய மிச்சம் இருக்கிறது.

பாலையூற்று சிவஞானம் எழுதியது:

அது தூசியையும் துளிகளையும் பிடிக்கும், ஆவி அதனூடாகத் தாராளமாகப் போய்விடும். பெயின்ட் அடிப்பவருக்கு வேண்டியது கரி நிரப்பிய குடுவை பொருத்திய ரப்பர் மாஸ்க், சேதன ஆவிக்கானது என்று குடுவையில் எழுதியிருக்க வேண்டும். மாஸ்குக்குள் மணம் வரத் தொடங்கினால் குடுவையின் ஆயுள் முடிந்தது. வேலை முடிந்ததும் காற்றுப் புகாத பையில் போட்டுக் கட்டி வைக்காவிட்டால் அது சும்மா இருந்தே தீர்ந்துவிடும். படுத்துத் தூங்குவதற்கு அது வழியல்ல; அம்மா வேறு அறையில் படுப்பதுதான் வழி.

உவர்மலை மயூரி எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்னபடி செய்தோம். அம்மா சாமியறைக்குப் பக்கத்து அறைக்கு மாறினார். அலுமாரியில் இருந்த உடுப்புகளை எல்லாம் எடுத்து விறாந்தையில் காயவிட்டு, கதவுகளையும் இழுப்பறைகளையும் அகலத் திறந்து வைத்தோம். தாள் முதலில் அசையவே இல்லை. காட்போட் மட்டையால் அடைத்த பிறகுதான் உள்நோக்கி வளைந்தது. அறையின் மணம் வெகுவாகக் குறைந்தது, அம்மாவின் காலைத் தலைவலியும் குறைந்தது. ஆனால் முற்றாகப் போகவில்லை. அதுவும் புதிய அறையிலும் மாலையில் வருகிறது. அந்த அறைக்கு இன்னும் பெயின்ட் அடிக்கவே இல்லை.

பாலையூற்று சிவஞானம் எழுதியது:

அப்படியானால் இன்னொரு மூலம் இருக்கிறது. ஒவ்வொரு அறையையும் தனித்தனியாகப் பூட்டி, ஃபேன் எதுவும் ஓடாமல் ஒரு மணி நேரம் விடுங்கள். அந்த நேரம் வீட்டார் எல்லோரும் வெளியே நின்று மூக்கைத் தெளியவிட்டு, பிறகு ஒவ்வொரு கதவாகத் திறந்து முதல் மூச்சிலேயே ஒப்பிட வேண்டும். இரண்டாவது மூச்சு பொய் சொல்லும். மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையையும் விட்டுவிடாதீர்கள்.

உவர்மலை மயூரி எழுதியது:

நீங்கள் ஐயப்பட்டது சரி. எல்லாவற்றையும் விடக் கடுமையாக மணந்தது மாடிப்படிக்குக் கீழ்தான். மூடியில்லாத ஒரு பால்மா டின்னில் தூரிகைகள் மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டிருந்தன, பக்கத்தில் பெயின்ட் துடைத்த துணிகள் ஒரு பையில் கிடந்தன. அந்த அறையின் பின்பக்கச் சுவரில் உள்ள காற்றுத் துவாரம் அம்மா இப்போது படுக்கும் அறைக்குள் திறக்கிறது. எல்லாவற்றையும் வெளியே கொண்டுபோய்விட்டோம். அலுமாரியின் உட்தட்டுகளில் நகத் தடம் இன்னும் விழுகிறது.

சாம்பல்தீவு பாஸ் எழுதியது:

அந்தத் துணிகளைக் கசக்கிக் குவித்து வைக்க வேண்டாம், அக்கா. எனாமலும் வார்னிஷும் பட்ட துணி, குவியலாக இருந்தால் உள்ளே சூடேறித் தானாகவே பற்றிக்கொள்ளும். வெளியே கொடியில் ஒவ்வொன்றாக விரித்து, விறைக்கும் வரை காயவிட்டுப் பிறகு எறியுங்கள். ஊறிய மண்ணெண்ணெயைக் கானுக்குள்ளோ கிணற்றடியிலோ ஊற்ற வேண்டாம். மூடியுள்ள போத்தலில் தெளியவிட்டால் பெயின்ட் அடியில் படியும், மேலே உள்ளதைத் தூரிகை கழுவ மீண்டும் எடுக்கலாம். நகத் தடம் விழுகிறதென்றால் தட்டுகளைக் கழற்றி விறாந்தையில் வைக்க முடியுமா என்று பாருங்கள், வெயில் எறிக்கும் ஒரு நாள் பத்து மழை நாளுக்குச் சமம்.

மிச்ச அறைகளுக்கு என்ன செய்யப் போகிறீர்கள்? பழைய பெயின்டை முழுவதுமாக எடுக்க வேண்டுமென்றால், தடவினால் தோல் உரிவது போல் உரிக்கும் ரிமூவர் ஒன்று கடைகளில் கிடைக்கிறது, வேலை சீக்கிரம் முடியும்.

தாதி வாசுகி எழுதியது:

பாஸ் அண்ணா, அதை அடைத்த அறையில் பயன்படுத்த வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். அவ்வாறான பல ரிமூவர்களில் மெத்திலீன் குளோரைட் இருக்கிறது. டைகுளோரோமீதேன் என்றும் பெயர்ச்சீட்டில் எழுதியிருக்கலாம். சுவாசித்தால் உடல் அதைக் காபன்மொனொட்சைட்டாக மாற்றுகிறது, வாகனப் புகையில் இருக்கும் அதே நஞ்சு. அறையை விட்டு வெளியேறிய பிறகும் சில மணி நேரம் இரத்தத்தில் அது கூடிக்கொண்டே போகலாம், அதனால் தலைவலி வீட்டுக்குப் போன பிறகு உச்சத்துக்கு வரும். விரலில் மாட்டும் ஒட்சிசன் மானியில் எண் சாதாரணமாகவே காட்டும், ஏனென்றால் இரத்தத்தில் ஏறியிருப்பது ஒட்சிசனா காபன்மொனொட்சைட்டா என்று அந்தக் கருவிக்குப் பிரித்தறியத் தெரியாது. குளியலறைகளில் தனியாக வேலை செய்தவர்கள் இறந்ததால்தான் அமெரிக்காவில் 2019 இல் வீட்டுப் பாவனைக்கான விற்பனையைத் தடை செய்தார்கள். நெஞ்சு வருத்தம் உள்ளவர்களுக்கு அபாயம் இன்னும் கூட.

சாம்பல்தீவு பாஸ் எழுதியது:

இதை நான் அறிந்திருக்கவில்லை, மிக்க நன்றி தங்கச்சி. எங்களோடு வேலை செய்யும் பொடியன்களுக்கும் சொல்லுவேன்.

பாலையூற்று சிவஞானம் எழுதியது:

பழைய பூச்சு உரியாமல் பிடித்துக்கொண்டிருந்தால் அதை எடுக்கவே தேவையில்லை. மிச்ச அறைகளுக்கு என் யோசனை இது. கழற்றக்கூடிய கதவுகளையும் அலுமாரிக் கதவுகளையும் பிணைச்சலோடு கழற்றி, விறாந்தையிலோ கொட்டிலிலோ வைத்து அடியுங்கள். வீட்டுக்குள் வராத ஆவியை வெளியேற்ற வேண்டியதில்லை. கழற்ற முடியாத நிலைகளுக்கும் யன்னல் சட்டங்களுக்கும் தண்ணீரில் கரையும் எனாமல் எடுக்கலாம். பெரிய ஹாட்வெயார் கடைகளில் கேட்டால் கிடைக்கும். தண்ணீரில் கரைவதால் அதில் ஆவியே இல்லை என்று நினைக்க வேண்டாம், குறைவு என்பதுதான் உண்மை. அந்தக் குறைவு எவ்வளவு என்பதற்கு ஐரோப்பாவின் 2010 ஆம் ஆண்டு வரையறை ஒரு அளவுகோல்: மரவேலைக்கான தண்ணீர்ப் பெயின்டில் லீற்றருக்கு 130 கிராம் வரை, கரைப்பான் பெயின்டில் 300 கிராம் வரை, உட்சுவருக்கான மட் பெயின்டில் 30 கிராம் வரைதான் அனுமதி. டப்பாவில், ஆவியாகும் சேதனப் பொருளைக் குறிக்கும் விஓசி என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் லீற்றருக்கு எத்தனை கிராம் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். மணம் குறைந்தது என்று மட்டும் எழுதியிருந்தால் அது வேறு. மணம் தரும் பகுதியை நீக்கிய டர்பன்டைனும் அதே அளவு ஆவியாகத்தான் செய்கிறது.

சாம்பல்தீவு பாஸ் எழுதியது:

ஐயாவோடு இந்த இடத்தில் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. தண்ணீர் எனாமலைப் பழைய எண்ணெய் எனாமலுக்கு மேல் நேரடியாக அடித்தால் சில மாதங்களில் தோலாகக் கழன்று வரும். மாரியில் கதவைச் சாத்தினால் நிலையோடு ஒட்டிக்கொள்ளும், திறக்கும்போது பிய்த்துக்கொண்டு வரும். கடற்கரை வீடுகளின் இரும்புக் கிறிலுக்கு அடித்தால் காயும் முன்பே துருப் புள்ளிகள் மேலே வந்து நிற்கும்.

பாலையூற்று சிவஞானம் எழுதியது:

மூன்றும் நடக்கக்கூடியவைதான், மறுக்கவில்லை. முதலாவதற்கு வழி உண்டு: உப்புப் படிவும் எண்ணெய்ப் பிசுக்கும் போகச் சவர்க்கார நீரால் கழுவி, நல்ல தண்ணீரால் அலசி, 220 ஆம் இலக்க நீர்த்தாளால் பளபளப்பு மங்கும் வரை ஈரமாகவே தேய்க்க வேண்டும். பழைய வீடுகளின் அடிப்பூச்சுகளில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்ந்து தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது. பிறகு பிடிமானத்துக்கான பிரைமர். முழுக் கதவுக்கும் அடிக்கும் முன் ஒரு மூலையில் அடித்து, சில நாள் கழித்துப் பிளேட்டால் சிறு கட்டங்களாகக் கீறி, ஒட்டு நாடாவை ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பார்த்தால் பிடித்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். இரும்புக் கிறிலுக்கு உங்கள் சொல்லே சரி, துருத்தடுப்புப் பிரைமரும் எண்ணெய் எனாமலும்தான். ஆனால் அதைப் பங்குனிக்குப் பிறகு வையுங்கள். கச்சான் தொடங்கினால் மேற்குப் பக்கத்து யன்னலைத் திறந்தாலே வீடு ஊடறுத்துக் காற்று ஓடும்; அப்போது ஃபேனை வைக்கும் பக்கமும் மாறும், கிழக்கு யன்னலுக்கு. கதவு நிலையோடு ஒட்டுவது பற்றி முழுமையான பதில் என்னிடம் இல்லை. இரண்டு கோட்டுக்கும் இடையில் நன்றாகக் காயவிட்டு, முதல் இரண்டு வாரம் கதவை இறுகச் சாத்தாமல் விட்டால் குறையும்.

உவர்மலை மயூரி எழுதியது:

அப்படியே செய்வோம், மிச்ச இரண்டு அறைகளையும் பொங்கலுக்கு முன் முடிக்க வேண்டாம் என்று வீட்டில் முடிவெடுத்துவிட்டோம். ஒரு கேள்வி மட்டும். மாசி மாதம் தங்கை பிள்ளைப்பேற்றுக்கு வீட்டுக்கு வருகிறாள். அம்மாவின் அறையை அவளுக்குக் கொடுக்கலாமா?

தாதி வாசுகி எழுதியது:

என்னைக் கேட்டால், கர்ப்பிணிக்கும் பச்சைக் குழந்தைக்கும் பெயின்ட் அடிக்காத அறையைத்தான் கொடுப்பேன். மணம் இல்லை என்பதை ஆவி இல்லை என்பதற்குச் சான்றாக நான் எடுக்கமாட்டேன்.

பாலையூற்று சிவஞானம் எழுதியது:

எனக்கு அவ்வளவு கடுமை தேவை என்று தோன்றவில்லை, மாசி வரை இடைவெளி நிறைய இருக்கிறது. அலுமாரித் தட்டுகளில் நகத் தடம் விழாமல், ஒரு இரவு முழுக்கப் பூட்டிவைத்துக் காலையில் வெளியிலிருந்து வரும் ஒருவர் திறந்து முதல் மூச்சில் எதையும் உணராவிட்டால் நான் கொடுப்பேன். அப்போதும் அலுமாரியைக் குழந்தை உடுப்புகளுக்குப் பயன்படுத்தாமல் விடுங்கள். ஏசியை விட்டு யன்னலைத் திறந்து படுக்கக்கூடிய காலமும் அதற்குள் வந்துவிடும்.

நிலாவெளி சுகந்தி எழுதியது:

வாசுகி அக்கா, விடுதியில் பேசினேன். இரண்டையும் சேர்த்து ஊற்ற வேண்டாம் என்று ஒத்துக்கொண்டார்கள். ஆனால் அறைகளின் தரையைக் குளோரின் கரைசலால் துடைப்பதை விட முடியாது என்கிறார்கள். ஒரு வாளிக்கு எவ்வளவு விட வேண்டும் என்று யாராவது சொல்ல முடியுமா?

தாதி வாசுகி எழுதியது:

போத்தலில் எத்தனை வீதம் என்று போட்டிருக்கிறதோ அதைப் பொறுத்தது, தங்கச்சி. அந்தப் பெயர்ச்சீட்டில் உள்ளதை அப்படியே இங்கே எழுதுங்கள், கணக்குப் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை வெறும் சவர்க்கார நீரால் துடையுங்கள். எவரும் வாந்தி எடுக்காத ஒரு தரைக்கு அது போதும்.